நாற்பத்தெட்டாம் பக்கம் என்ன கலர்?

மன்னார்குடி பக்கத்தில் ஒரு பழைய அரிசி ஆலை. இரவு ஏழரை மணி. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, லைட் எல்லாம் ஏற்றி முடித்தாயிற்று, டிராலி போட்டாயிற்று. கேரவனிலிருந்து நடிகை இறங்கி வருகிறார், அரக்குப் பட்டுப் புடவையில், தலை நிறைய மல்லிகையோடு. காட்சிப்படி அவர் கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கழித்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல், சாதாரண வாயில் புடவையில் அந்த ஆலைக்கு வர வேண்டும்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் அப்போது அசோசியேட் டைரக்டர். காஸ்ட்யூமர் அண்ணனிடம் ஓடினேன். அவர் பதற்றப்படாமல் ஃபைலைத் திறந்து காட்டினார்.

"தம்பி, கால்ஷீட்ல முப்பத்தேழுன்னு போட்டிருக்கீங்க. என் பேப்பர்ல முப்பத்தேழு கல்யாண மண்டபம்தான். பாருங்க."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. அன்றன்று எடுக்கும் காட்சிகளின் பட்டியலான கால்ஷீட்டில் நான் 37 என்றுதான் போட்டிருந்தேன். அவருடைய பேப்பரில் 37 கல்யாண மண்டபம், 38 அரிசி ஆலை. என்னுடைய பேப்பரில் 36 மண்டபம், 37 ஆலை. பத்து நாளைக்கு முன் 21ஆம் காட்சியை, பெட்ரோல் பங்கில் நடக்கும் ஒரு சின்னக் காட்சியை, எழுத்தாளர் எடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் அதை அழித்ததும் அதற்குப் பின்னால் இருந்த அத்தனை எண்களும் ஒவ்வொன்றாகக் குறைந்து மேலே வந்துவிட்டன. புதிய பிடிஎஃப் வாட்ஸப்பில் எல்லோருக்கும் போனது. ஆனால் அண்ணன் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் புடவைக் கணக்கு, ரவிக்கை அளவு, கடை பில் எண் எல்லாம் எழுதி வைத்திருந்தது பழைய பேப்பரில். அதை அவர் எப்படி விடுவார்?

லாட்ஜுக்கு ஆள் அனுப்பிப் புடவை வரவழைத்து, தலையைக் கலைத்து மறுபடி வாரி முடிக்க ஒன்றரை மணி நேரம் போனது. அன்றைக்கு எடுக்க வேண்டிய கடைசி மூன்று ஷாட் நின்றுபோனது. யாரும் கவனக்குறைவாக இல்லை. எல்லோரும் தங்கள் கையில் இருந்த பேப்பரைச் சரியாகப் படித்து, சரியாக வேலை செய்திருந்தார்கள்.

அடுத்த படத்தில்தான், காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி பார்க்கும் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசராக ஒரு அக்கா வந்தார். மும்பையில் வெளிநாட்டு யூனிட்களோடு சில வருடம் வேலை செய்தவர். முதல் சந்திப்பில் தன் பழைய ஸ்கிரிப்ட் ஃபைல் ஒன்றை மேசையில் வைத்தார். மூடியிருந்த ஃபைலைப் பக்கவாட்டில் பார்த்தால், தாள்களின் விளிம்பு கோடுகோடாக இருந்தது. வெள்ளை, நடுவில் ஒரு நீலக் கோடு, கொஞ்சம் வெள்ளை, இரண்டு ரோஸ், ஒரு மஞ்சள், மறுபடி வெள்ளை. நான் அதுவரை கலர் பேப்பர் முறை என்றால், திருத்தம் வந்ததும் முழு ஸ்கிரிப்டையும் அடுத்த கலரில் அடித்துக் கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். "அப்போ இதுல எந்தக் கலர் லேட்டஸ்ட்?" என்று கேட்டேன்.

"அந்தக் கேள்வியே தப்பு தம்பி. ஸ்கிரிப்டுக்குக் கலர் கிடையாது, பக்கத்துக்குத்தான் கலர். நாற்பத்தெட்டாம் பக்கம் என்ன கலர்னு கேளுங்க, சொல்றேன்."

இந்த ஒரு பதிலைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு ஷெட்யூல் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முறையின் அடிப்படை அமெரிக்க ஸ்டூடியோக்களில் உருவானது. படப்பிடிப்புக்குப் போகும் முன் ஸ்கிரிப்டை வெள்ளைத் தாளில் வெளியிட்டுப் பூட்டிவிடுவார்கள். பூட்டுவது என்றால் எழுத்தை மாற்றக் கூடாது என்பதல்ல, எண்ணை மாற்றக் கூடாது என்பது. காட்சி எண், பக்க எண் இரண்டும் அந்த நாளோடு உறைந்துவிடும். அதற்குப் பிறகு வரும் முதல் திருத்தத்தில் மாறிய பக்கங்கள் மட்டும் நீலத் தாளில் வரும். அடுத்தது ரோஸ், பிறகு மஞ்சள், பச்சை. அதற்கும் மேலே போனால் கோல்டன்ராட் என்கிற அடர் மஞ்சள், பஃப் என்கிற வெளிர்ப் பழுப்பு, சால்மன், செர்ரி என்று பட்டியல் நீளும். அதுவும் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து, இரண்டாம் நீலம், இரண்டாம் ரோஸ் என்று போகும். இந்த வரிசை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆகவே எந்த வரிசை என்பதை முதல் நாளே அட்டைப் பக்கத்தில் அச்சடித்துவிட வேண்டும். ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் அந்த அட்டையில் கலரும் தேதியும் ஒரு வரி கூடும். அட்டையைப் பார்த்தாலே இதுவரை எத்தனை திருத்தம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எண் உறைந்தபின் ஒரு காட்சியை எடுத்துவிட்டால் என்ன செய்வது? அதன் எண் அங்கேயே இருக்கும், எதிரே "நீக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கும். எங்கள் அரிசி ஆலை ராத்திரிக்கு இந்த ஒரு சொல் போதுமாயிருந்திருக்கும். 21 நீக்கப்பட்டது என்று நின்றிருந்தால் மண்டபம் 37ஆகவே இருந்திருக்கும், ஆலை 38ஆகவே இருந்திருக்கும். கால்ஷீட்டில் நான் 38 என்று போட்டிருப்பேன். அண்ணன் பழைய பேப்பரை வைத்திருந்தால்கூட வாயில் புடவையோடு வந்திருப்பார். அன்றைக்குக் கலர் பேப்பர் இருந்திருந்தாலும் எண் நகர்ந்திருந்தால் காப்பாற்றியிருக்காது. இதை யோசிக்க யோசிக்க, கலரைவிட இந்தப் பூட்டுதான் முறையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது.

காட்சி புதிதாகச் சேர்ந்தால் 37க்கும் 38க்கும் நடுவில் 37ஏ. பக்கத்துக்கும் அதே கதைதான். 48ஆம் பக்கத்தில் வசனம் கூடி வழிந்தால், வழிந்தது 49க்குள் போகாது, 48ஏ என்று புதுத் தாள் ஒன்று பிறக்கும். அதில் நாலு வரிதான் இருக்கிறது, மீதி வெறும் தாள் என்றால் அப்படியே விட வேண்டும். எழுத்தாளர்களுக்கு அந்த வெற்றிடம் உறுத்தும், மேலே இழுத்து நிரப்பப் பார்ப்பார்கள். இழுத்தால் 49 மாறும், 50 மாறும், படத்தின் கடைசிப் பக்கம் வரை மாறும். ஒரு தாள் மாற்ற வேண்டிய இடத்தில் அறுபது தாள் மாற்ற வேண்டி வரும். அந்த அறுபது தாளிலும் யாரோ ஒருவர் கைப்படக் குறிப்பு எழுதி வைத்திருப்பார்.

மாறாத பக்கத்தைத் தொடாமல் விடுவதற்கு இந்தக் குறிப்புகள்தான் காரணம். காகிதத்தை மிச்சம் பிடிப்பது அதன் நோக்கமல்ல. படப்பிடிப்பு தொடங்கிய பத்தாவது நாளில் ஸ்கிரிப்டில் அச்சான எழுத்தைவிட ஓரத்தில் இருக்கும் பேனா எழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம். கேமரா உதவியாளர் லென்ஸ் எழுதியிருப்பார், ஆர்ட் ஆட்கள் எந்த வீட்டிலிருந்து எந்தச் சாமான் வாடகைக்கு எடுத்தது என்று எழுதியிருப்பார்கள். புது பிடிஎஃப்பை முழுதாக அனுப்பும்போது, இவ்வளவையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுது என்று அவர்களைக் கேட்கிறோம். அவர்கள் கேட்க மாட்டார்கள். பழையதையே வைத்துக்கொள்வார்கள். அதில் அவர்கள் மேல் தப்பே இல்லை.

அந்தப் படத்துக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். 92 காட்சி, 108 பக்கம். ஜூன் 1ஆம் தேதி வெள்ளையைப் பூட்டினோம், 4ஆம் தேதி கும்பகோணத்தில் ஷூட்டிங். எழுத்தாளர் தமிழில் வேர்டில்தான் அடித்தார், திரைக்கதை மென்பொருள் எதுவும் இல்லை. மென்பொருள் இருந்தால் பூட்டு, நட்சத்திரக் குறி, 48ஏ எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நாங்கள் கையால் செய்தோம். பூட்டிய அன்று ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் பேஜ் பிரேக் போட்டு, தானாக ஓடும் பக்க எண்ணை எடுத்துவிட்டு, எண்ணைத் தட்டச்சு செய்தோம். அரை நாள் வேலை. பிறகு ஒரு பக்கத்தில் என்ன மாற்றினாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கினோம். நீலம், ரோஸ், மஞ்சள், பச்சை நாலும் சுலபமாகக் கிடைத்தது. அடர் மஞ்சள் என்று கேட்டால் மஞ்சளையே எடுத்துப் போட்டார்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஆகவே நாலு கலரோடு நிறுத்தி, ஐந்தாவது திருத்தத்துக்கு இரண்டாம் நீலம் என்று அட்டையிலேயே அச்சடித்துவிட்டோம். நாலும் ஒன்றுக்கொன்று சந்தேகமே இல்லாமல் தெரிவதுதான் நமக்கு வேண்டும்.

தாளின் கலரை மட்டும் நம்பக் கூடாது என்பதை முதல் இரவு ஷூட்டிங்கில் கற்றுக்கொண்டோம். தெருவில் சோடியம் விளக்கு எரியும்போது வெள்ளையும் மஞ்சளும் ஒன்று, நீலமும் பச்சையும் ஒன்று. உதவியாளர் ஒருவர் ரோஸ் பக்கத்தை வெள்ளைத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து நடிகருக்குக் கொடுத்தால் கதை முடிந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களும் யூனிட்டில் இருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கலரின் பெயரும் தேதியும் எழுத்தில் இருந்தாக வேண்டும். மாறிய வரிக்கு நேராக வலது ஓரத்தில் ஒரு நட்சத்திரம். எங்கள் 48ஏ இப்படித்தான் இருந்தது:

```
நீலத் திருத்தம் – 09/06                        48ஏ

41  (தொடர்ச்சி)

            மீனா
   அப்பாவுக்கு வலது கையில கட்டு.              *
   சாப்பாடு நான்தான் ஊட்டணும்.                *
```

நட்சத்திரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நீலத்தில் போட்ட நட்சத்திரங்களை, அதே பக்கம் மறுபடி ரோஸில் வரும்போது துடைத்துவிட்டு, ரோஸில் மாறியதற்கு மட்டும் புதிதாகப் போட வேண்டும். துடைக்காமல் விட்டால் மூன்றாவது திருத்தத்தில் பக்கம் முழுக்க நட்சத்திரமாக இருக்கும், எதைப் பார்ப்பது என்று தெரியாது. நட்சத்திரம் இல்லாமல் ஒரு வரி மாறியிருப்பது அதைவிட ஆபத்து. ஒரு முறை அப்படி நடந்தால்கூட ஆட்கள் நட்சத்திரத்தை நம்புவதை நிறுத்திவிடுவார்கள்.

இப்போது அந்த நீலத் திருத்தத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முறை எங்கே தடுமாறும் என்பதை அதில்தான் பார்த்தேன்.

கதையில் அப்பாவுக்குக் கை முறிகிறது. வெள்ளையில் அது இடது கை. ஷூட்டிங் தொடங்கியபின் எழுத்தாளருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. வலது கை முறிந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் பெருவிரல் ரேகை வைக்க வேண்டி வரும். அந்த ஒரு மாற்றத்தில் 58ஆம் காட்சி எங்கேயோ போய்விட்டது. இயக்குநர் உடனே சரி என்றார். 9ஆம் தேதி மாலை நீலம் வெளியானது. 12, 48, 48ஏ, 69 என்று நாலு தாள். 48இல் கை பற்றிய பேச்சு, 69இல் பதிவு அலுவலகம், 12இல் அதற்கு முன்னோட்டமாக ஒரு போன் பேச்சு.

இந்தத் தாள்கள் மொத்தம் 31 செட். ஒரு நோட்டில் பெயர், துறை, கலர், கையெழுத்து. கையெழுத்து வாங்கும்போதே எதிரில் நின்று, பழைய தாளை உருவிப் புதுத் தாளைச் செருகவைத்து, பழையதைத் திரும்ப வாங்கினோம். காஸ்ட்யூமர் அண்ணன், அதே அண்ணன்தான், 48ஐக் கொடுக்க மறுத்தார். அதன் பின்பக்கம் முழுக்க அவருடைய கணக்கு. அக்கா வற்புறுத்தவில்லை. முன்பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, நீலத்துக்குப் பின்னால் ஸ்டேபிள் அடித்துக் கொடுத்தார். அதன்பின் அண்ணன் எந்தக் கலருக்கும் தகராறு செய்ததில்லை.

11ஆம் தேதி காலை 55ஆம் காட்சி. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், "கையில் கட்டுடன்". முதல் ஷாட் எடுத்தாயிற்று. இரண்டாவதுக்குக் கேமரா மாறும்போது அக்கா நடிகரின் அருகே போய் நின்று பார்த்தார். கட்டு இடது கையில் இருந்தது. மேக்கப் அண்ணனைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்:

"அண்ணே, இந்தக் கை எந்தக் கலர்ப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

அவர் 66ஆம் பக்கத்தைக் காட்டினார். வெள்ளை. சரியாகத்தான் வைத்திருந்தார், ஏனென்றால் 66 மாறவே இல்லை. அதில் இடது என்றும் இல்லை, வலது என்றும் இல்லை, கை என்று மட்டும் இருந்தது. வெள்ளையை முதலில் படித்தபோது இடது என்று ஓரத்தில் பேனாவால் குறித்து வைத்திருந்தார். எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறாத பக்கத்தின் அர்த்தம், பதினெட்டுப் பக்கம் முன்னால் நடந்த திருத்தத்தால் மாறிவிட்டது. இப்படிப்பட்ட மாற்றம் கலர் முறையின் கண்ணில் படாது. எந்த எழுத்து மாறியது என்று அது காட்டும், அந்த மாற்றம் எதையெல்லாம் தொடும் என்பதை ஓர் ஆள் உட்கார்ந்து யோசித்தால்தான் தெரியும்.

ஒரு ஷாட்தான் போனது, கட்டை மாற்றித் திரும்ப எடுத்தோம். மதியச் சாப்பாட்டின்போது அக்கா இரண்டு காரியம் செய்தார். முதலாவது, 52ஐயும் 66ஐயும் ரோஸில் வெளியிடச் சொன்னார். 44ஆம் காட்சியிலும் 55ஆம் காட்சியிலும் அப்பா கட்டோடு வருகிறார், இரண்டிலும் "கையில்" என்பது "வலது கையில்" என்று ஆனது. ஒரு சொல், ஒரு நட்சத்திரம். ஒரு சொல்லுக்காக 62 தாளா என்று மேனேஜர் கேட்டார். அந்தச் சொல்லைச் சேர்த்தால்தான் பக்கம் ரோஸ் ஆகும், ரோஸ் ஆனால்தான் மேக்கப் அண்ணன் அதைக் கையில் வாங்கிக் கையெழுத்துப் போட்டுப் படிப்பார் என்று அக்கா சொன்னார். வாயால் சொல்லியிருந்தால் அன்று செட்டில் இருந்த பதினைந்து பேருக்குத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, திருத்தத்தோடு போகும் மேல்தாளில் ஒரு பகுதி கூடியது. அதுவரை மாறிய பக்கங்களின் பட்டியல் மட்டும்தான் இருந்தது. இனி ஒவ்வொரு திருத்தத்துக்கும், மாறாவிட்டாலும் பாதிக்கப்படும் காட்சிகள் எவை, அவற்றில் ஏற்கெனவே எடுத்து முடித்தவை எவை என்று எழுத வேண்டும். இதை எழுதுவது எழுத்தாளர் அல்ல. அவர் கதை வரிசையில் யோசிக்கிறார். லொகேஷன் வரிசையில் எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்பது ஸ்கிரிப்ட் சூப்பர்வைசருக்கும் அசோசியேட்டுக்கும்தான் தெரியும். நாங்கள் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து முழு ஸ்கிரிப்டையும் புரட்டிய பிறகுதான் எந்தக் கலரும் ஜெராக்ஸுக்குப் போகும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

நேரத்துக்கும் ஒரு வரம்பு வைத்தோம். மறுநாள் எடுக்கும் காட்சியில் திருத்தம் என்றால் மாலை ஆறு மணிக்குள் வர வேண்டும். அதற்குப் பிறகு வருவது கலர் ஆகாது. செட்டில் இயக்குநர் ஒரு வசனத்தை மாற்றுவது எல்லா நாளும் நடப்பது, நடக்கவும் வேண்டும். அதை அக்கா தன் பிரதியில் குறித்துக்கொள்வார். அந்த மாற்றம் வேறொரு காட்சியைத் தொட்டால் மட்டும், தொடப்பட்ட பக்கம் அடுத்த கலரில் வரும்.

போன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாளே வேண்டாம், போனில் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்கள் இப்போது பாதிப் பேர். அவர்களுக்கும் அதே ஒழுங்குதான். திருத்தத்துக்கென்று தனி வாட்ஸப் குழு, அட்மின் மட்டும் செய்தி போடக்கூடியது, அட்மின் இரண்டே பேர். மாறிய பக்கங்கள் மட்டும் `12_48_48A_69_BLUE_0906.pdf` என்று பக்க எண்ணும் கலரும் தேதியும் பெயரிலேயே இருக்கும்படி போகும். முழு ஸ்கிரிப்ட் ஒருபோதும் குழுவில் போகாது. பழைய இடத்தில் புதிய பக்கங்களைச் செருகிய முழுப் பிரதி ஒன்று கூகுள் டிரைவில் இருக்கும். ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பாக ஏற்றாமல், அதே கோப்பில் `Manage versions` வழியாக ஏற்றினால் லிங்க் மாறாது, முதல் நாள் கொடுத்த லிங்கைத் திறந்தாலே இன்றைய பிரதி வரும். ஆனாலும் போனில் டவுன்லோட் செய்து வைத்த பழையதைத் திறந்து படிப்பவர்கள் இருந்தார்கள். ஆற்றங்கரையில் சிக்னல் இல்லாதபோது அவர்கள் வேறென்ன செய்வார்கள்? அதனால் அன்றன்றைய காட்சிகளை மட்டும் தாளில் அடித்துக் காலையில் எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்தவே இல்லை.

படம் முடிந்தபோது என் ஃபைலின் விளிம்பும் கோடுகோடாக ஆகியிருந்தது. நாலு கலரும் தாண்டி இரண்டாம் நீலத்தில் மூன்று தாள். ஆனாலும் பெரும்பகுதி வெள்ளைதான். ஜூன் 1ஆம் தேதி பூட்டிய அதே தாள்கள், அதே எண், ஓரத்தில் நாற்பது நாள் பேனா எழுத்து.

திரும்ப வாங்கிய பழைய தாள்களை நான் கிழித்துப் போடலாம் என்றிருந்தேன். அக்கா ஒவ்வொரு கலரிலும் ஒரு செட்டை உறையில் போட்டு ஒட்டி வைத்தார். எடுத்த ஒவ்வொரு காட்சிக்கும் தன் பதிவேட்டில் எந்தக் கலர்ப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று எழுதியும் வைத்தார். அது எதற்கு என்று எடிட்டிங்கில் புரிந்தது. 12ஆம் காட்சி போன் பேச்சு. கதையில் வரும் தம்பி கும்பகோணத்தில், அவருடைய அக்கா சென்னையில். கும்பகோணத்தில் நடக்கும் பாதியை ஜூன் 6ஆம் தேதியே எடுத்துவிட்டோம், வெள்ளையிலிருந்து. சென்னைப் பாதியை எடுத்தது 29ஆம் தேதி, நீலத்திலிருந்து. வெள்ளையில் அக்கா, "பத்திரப் பதிவு என்னைக்கு?" என்று கேட்பார், தம்பி "வெள்ளிக்கிழமை" என்பார். நீலத்தில் கேள்வி, "யார் கையெழுத்து வேணும்?" என்று மாறிவிட்டது. இது தெரியாமல் நடந்ததல்ல. கும்பகோணம் பாதி எடுத்தாயிற்று என்று தெரிந்தும், டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். ஆனால் எடிட்டரின் உதவியாளர் கையில் இருந்தது நீலப் பக்கம் மட்டும். கையெழுத்து யாருடையது என்று கேட்டால் தம்பி வெள்ளிக்கிழமை என்று பதில் சொல்கிறார். எடுத்த ஷாட் எதுவோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அவர் ஒரு நாள் முழுக்க ஹார்ட் டிஸ்க்கைத் தேடியிருக்கிறார்.

பதிவேட்டில் பார்த்தோம். 12, கும்பகோணம், வெள்ளை. 12, சென்னை, நீலம். உறையைப் பிரித்து வெள்ளை 12ஐ எடுத்துக் கொடுத்தேன். தம்பி பதில் சொல்லும் இடத்தில் அக்காவின் முகத்தை வைத்து, அதன்மேல் "அப்பா கையெழுத்து மட்டும் போதும்" என்று தம்பியின் குரலைப் போட்டால் சரியாகிவிடும் என்றார் எடிட்டர். அடுத்த வாரம் டப்பிங் தியேட்டரில் தம்பியாக நடித்தவர் மைக் முன் நின்றபோது, ஸ்டாண்டில் இரண்டு தாள் இருந்தது. அவர் வாய் அசையும் ஷாட்டுகளுக்கு வெள்ளை 12, அவர் முகம் தெரியாத அந்த ஒரு வரிக்கு நீலம் 12.